நாளை இது தாத்தா கட்டின வீடு

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஒரு சிமென்ட் நிறுவனத்தின் விளம்பர வாசகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. "ஐந்து சொல் ஆங்கில வாசகத்துக்குத் தமிழில் ஐந்து சொல் எழுத ஒரு மணி நேரம் போதாதா என்று வாடிக்கையாளர் கேட்கிறார், என்ன சொல்வது?" என்று நீ கேட்டிருந்தாய். என் மேசையில் கிடந்த வேலையே அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைந்துவிட்டதால், அதையே நடந்தபடி எழுதுகிறேன்.

வந்த வாசகம், "பில்ட் இட் டு அவுட்லிவ் யூ." கட்டுகிற வீடு கட்டுகிறவரின் ஆயுளையும் தாண்டி நிற்கும்படி கட்டுங்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதன் அழகு அந்தத் துணிச்சலில்தான் இருக்கிறது. "நீ இருக்கப்போவதில்லை, வீடு இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அதிலேயே ஒரு பெருமிதத்தையும் ஊட்டிவிடுகிறது. "அவுட்லிவ்" என்பதற்கு நம்மிடம் ஒற்றை வினைச்சொல் இல்லை. ஆகவே முதல் நாள், "உங்களுக்குப் பின்னும் வாழும் வீடு" என்று எழுதினேன். இலக்கணத்தில் பிழை இல்லை. அதை மறுபடியும் ஆங்கிலமாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால், மூலத்தோடு ஒட்டியிருக்கிறது என்று உடனே ஒப்புதல் தந்துவிடுவார்கள். ஆபத்தும் அங்கேதான். தமிழ் அறியாதவர் பிழை பிடிப்பதற்கு வைத்திருக்கும் ஒரே கருவி அந்த மறுமொழிபெயர்ப்புதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாசகமோ அதில் மிக எளிதாகத் தேறிவிடும்.

அன்று மாலை வளவில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பட்டாலையில் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆச்சி, கையை நிறுத்திவிட்டு, "வீடு கட்டப்போகிறவனிடம் போய், நீ போன பிறகு என்றா சொல்லுவாய்?" என்று கேட்டார். அதற்குமேல் அந்த வரிக்கு ஆயுள் இல்லை. கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்லாமல் "போய்வருகிறேன்" என்று சொல்கிறவர்கள் நாம். பள்ளியில் தகுதி வழக்கு என்ற தலைப்பில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று படித்தோமே, அதில் மங்கலம் என்பது இன்றும் வீட்டுக்கு வீடு உயிரோடு இருக்கிறது. அதிலும் நிலைவாசல் வைக்கும் வேளையில் சாவை நினைவூட்டும் சொல் காதில் விழுந்தால், அந்தச் சிமென்ட் மூட்டையின் பெயரைக்கூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு வாசகத்தை மூடி வைத்துவிட்டு, அது செய்ய வேண்டிய வேலையை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். கேட்பவர், முப்பத்தைந்து நாற்பது வயதில் கடன் வாங்கி முதல் வீடு கட்டுகிறவர். அவருக்கு வர வேண்டிய உணர்வு, "என் பெயர் சொல்ல ஒன்று நிற்கும்" என்பது. வாசகம் நிற்கப்போகும் இடம், சாலையோரச் சுவர். பேருந்தில் போகிறவர் ஒரு பார்வையில் படித்தாக வேண்டும். உறுதி என்பது இந்த வாசகத்தில் பாதிதான், மறுபாதி பெருமை என்பது அந்தத் தாளை எழுதிய பிறகுதான் எனக்கே தெளிந்தது.

"தலைமுறைகளைக் கடந்து நிற்கும்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. எண்ணிப் பார், பதினைந்து எழுத்து. ஓடும் வண்டியிலிருந்து படிக்க முடியாது. அதில் ஆளும் இல்லை, பெருமைப்பட யாரும் இல்லை. "ஆயிரங்காலத்து வீடு" என்பதில் ஓசை நன்றாக இருந்தது. ஆனால் ஆயிரங்காலத்துப் பயிர் என்று நாம் சொல்வது திருமணத்தை. காது அங்கே ஓடிவிடும். தவிர, ஆண்டுக் கணக்கு போல் ஒலிக்கும் எதற்கும் ஆதாரம் காட்ட வேண்டிவரும். "வீட்டைக் கட்டிப்பார்" என்ற பழமொழியை எடுத்தால் என்ன என்றும் யோசித்தேன். அது கட்டும் சிரமத்தைச் சொல்கிறது, கட்டி முடித்த நிறைவைச் சொல்லவில்லை. தெரிந்த பழமொழி என்பதற்காகவே நோக்கத்தை விட்டுக்கொடுப்பது நம் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. "பேரன் கல்யாணமும் இந்த வீட்டில்தான்" என்பதை நான் மிகவும் விரும்பினேன். நம் ஊரில் அது நெஞ்சைத் தொடும், ஏனென்றால் நம் வீடுகளே கல்யாணத்துக்கென்று கட்டியவை. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் அதற்காகத்தான். ஆனால் வெளியூர்களில் இன்று மண்டபம்தான். ஆயிரம் சதுர அடி வீடு கட்டுகிறவருக்கு அது பொய்யாகத் தோன்றும்.

அந்த வரியில் பேரன் மட்டும் மனத்தில் தங்கினான். அவனையே பேசவிட்டால் என்ன என்று தோன்றியபோது வந்தது, "தாத்தா கட்டின வீடு." ஒன்பதே எழுத்து. சாவு இல்லை, ஆயுள் இல்லை. தாத்தா அருகில் திண்ணையில் இருக்கிறாரா என்பதைக்கூட அது சொல்வதில்லை. ஆனால் வீடு நிற்கிறது, அவர் பெயரும் நிற்கிறது. "கட்டிய" என்று எழுதலாமே என்றால், அது புத்தகத்தின் குரல். இது ஒரு சிறுவன் வாயில் வரும் சொல். தாத்தா என்ற சொல்லையும் யோசித்தேன். நம் வீடுகளில் ஐயா என்கிறோம், உன் பக்கம் வேறு சொற்கள் இருக்கின்றன. இருந்தும் எல்லா ஊரிலும் குழப்பமின்றி விளங்குவது இதுதான்.

படம் எதுவும் காட்டாமல், வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஏழு பேரிடம் வரியை மட்டும் சொல்லி, "இதை யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றி?" என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் பயன் இல்லை. நான்கு பேர் தங்கள் தாத்தாவின் வீட்டை நினைத்தார்கள். ஒருவர் முகம் வாடி, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டையும் முடியாத பாகப்பிரிவினையையும் பற்றிச் சொன்னார். நம் ஊரில் அந்த மூன்று சொற்களுக்கு ஏற்கெனவே ஒரு பாரம் இருப்பதை, அத்தகைய வீடொன்றில் உட்கார்ந்து எழுதியும் நான் கவனிக்கவில்லை. பேச்சைப் பின்னோக்கி ஓடவிடாமல் முன்னோக்கித் திருப்ப ஒரு சொல் வேண்டியிருந்தது. "நாளை இது தாத்தா கட்டின வீடு." இப்போது பதின்மூன்று எழுத்து. அதே கேள்வியோடு வேறு ஏழு பேரிடம் போனேன். ஆறு பேர், "என் பேரன், என்னைப் பற்றி" என்றார்கள்.

தலைமை அலுவலகத்தின் கேள்வி எதிர்பார்த்ததுதான்: "கட்டுங்கள் என்ற ஏவல் எங்கே, அவுட்லிவ் எங்கே, இறந்தகாலம் ஏன்?" மறுமொழிபெயர்ப்போடு, பேசுகிறவர் யார், எப்போது பேசுகிறார் என்று நான்கு வரி விளக்கம் எழுதி அனுப்பினேன். கட்டின என்ற இறந்தகாலம் இன்னும் நாற்பது ஆண்டு கழித்து ஒருவன் வாயில் வரப்போவது; அதைக் கேட்கும் இன்றைய இளைஞர் தன்னைத் தாத்தாவாகப் பார்க்கிறார். ஆங்கிலத்தின் துணிச்சல் தமிழில் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அதைக் கொண்டுவர முயன்றால் மூட்டை விற்காது. நேற்று ஒப்புதல் வந்தது.

சுவர் எழுதும் வேலை அடுத்த மாதம் உங்கள் கோவைப் பக்கம் தொடங்குகிறது. அதற்குள் அங்கே வீடு கட்டும் நாலைந்து பேரிடம் இந்த வரியைச் சொல்லி, யார் யாரைப் பற்றிச் சொல்வதாக அவர்களுக்குத் தோன்றுகிறது என்று கேட்டு எழுது. "தாத்தா" என்றதும் அவர்கள் ஒரு நொடி தயங்கினாலும் அதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்