தலைவாசல் கதவு கீல்: நான்காவது முறையாக எழுதும் புகார்

அனுப்புநர்: குடியாத்தத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 120 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்ட பால் பேரிங் கீல் நான்கு மாதத்தில் வளைந்தது.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. பதிவு செய்தவர் படித்தாரா என்று தெரியவில்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுத் தலைவாசல் கதவு வேங்கை மரம். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 2 அங்குலக் கனம். பித்தளைக் கைப்பிடி, பூட்டு எல்லாம் பொருத்தியபின் பக்கத்து அரிசி ஆலைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். 96 கிலோ. அந்த எடையைச் சொல்லித்தான் வேலூரில் உங்கள் டீலரிடம் கீல் கேட்டேன். '120 கிலோ தாங்கும், மூணு போட்டா போதும் சார், பால் பேரிங்' என்று 4 அங்குலக் கீல் மூன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டரை மில்லி மீட்டர் தகடு, கீலுக்கு இரண்டு பேரிங். பெட்டியிலும் 120 என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நாலே மாதம். பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை தரையில் உரச ஆரம்பித்தது. வாசலில் போட்ட புது கிரானைட்டில் வட்டமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கல் போனது போனதுதான்.

உங்கள் ஹெல்ப்லைனில் பேசிய பெண்மணி 'மழைக்கு மரம் ஊறி உப்பியிருக்கும் சார்' என்றார். சரி, அதையும் பார்த்தோம். மரம் உப்பினால் கதவு அகலத்தில் பெருக்கும். பூட்டுப் பக்க விளிம்பு மேலிருந்து கீழ் வரை நிலையோடு இறுகும். என் கதவில் அப்படி இருக்கவில்லை. பூட்டுப் பக்கத்து மேல் மூலையில் கதவின் மேல் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே ரூபாய் நாணயம் இரண்டு சேர்ந்து நுழைந்தது. கீழ் மூலையோ தரையைத் தொட்டது. கீல் பக்கத்தில் மேல் கீலின் தகடு நிலையிலிருந்து விலகி நின்றது. அதன் கணுக்களுக்கு அடியில் விரலால் துடைத்தால் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. இரும்போடு இரும்பு உரசிய தூள் அது. பேரிங் தன் வேலையைச் செய்திருந்தால் அந்தத் தூள் எங்கிருந்து வரும்?

அம்பத்தூர் டெப்போவுக்கு நேரில் வரச் சொன்னீர்கள். காட்பாடியில் விடியற்காலை ரயிலேறி, கழற்றிய மேல் கீலைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் கவுண்டரில் இருந்த தம்பி, கீலைக் கையில் கூட வாங்காமல், 'இவ்ளோ வெயிட்டா கதவு ஏன் சார் போட்டீங்க? லேசா ஒண்ணு மாத்திடுங்க' என்றார். ஐயா, கீல் விற்கும் கம்பெனி இது. கதவை மாற்றச் சொல்வது, செருப்பு கடிக்கிறது என்று போனால் காலை வெட்டிக்கொள் என்பது மாதிரி இல்லையா? ரயில் கட்டணம் போகட்டும், ஒரு நாள் கூலி போகட்டும், அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் அங்கே ஒருவர் மட்டும் மரியாதையாகப் பேசினார். உள்ளே வேலை செய்கிறவர் போல. '120 என்பது மூன்று கீலும் சேர்ந்து, 3 அடி அகலக் கதவுக்கு' என்றார். இது பெட்டியில் எங்கே இருக்கிறது? ஹெல்ப்லைனில் ஒருவர் 'ஜோடிக்கு 120' என்றார், இன்னொருவர் 'ஒரு கீலுக்கே அவ்வளவு' என்றார். உங்கள் சரக்கு உங்களுக்கே தெரியாதா?

டெப்போவில் அந்த மரியாதையானவர் சொன்ன அகலக் கணக்கை எங்கள் ஆசாரியிடம் சொன்னேன். அவர் பேப்பரில் போட்டுக் காட்டினார். கதவின் எடை கீழே மட்டும் அழுத்துவதில்லை, மேல் கீலை நிலையிலிருந்து வெளியே பிடுங்கவும் செய்கிறது. எடையை அகலத்தில் பாதியால் பெருக்கி, மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் அந்த இழுப்பு கிடைக்கும். என் கதவில் 96 கிலோ, பாதி அகலம் ஒன்றே முக்கால் அடி, கீல்களுக்கு நடுவே 5.6 அடி. கணக்குப்படி 30 கிலோ. கதவு சும்மா நிற்கும்போதே மேல் கீலை 30 கிலோ பிடுங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் அடித்துத் திறக்கும்போது இன்னும் அதிகம். நடுவில் போட்ட மூன்றாவது கீல் கதவு வளையாமல் பிடிக்கும், எடையில் கொஞ்சம் பங்கு வாங்கும், ஆனால் இந்தப் பிடுங்கலுக்குப் பெரிதாக உதவாது. நாலாவது கீலை மேல் கீலுக்கு எட்டு ஒன்பது அங்குலம் கீழே போட்டால்தான் அந்த இழுப்பு இரண்டாகப் பிரியும்.

பேரிங்கைப் பற்றியும் அவர் சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. கீலில் ஐந்து கணு, நடுவில் நாலு இணைப்பு. இரண்டு பேரிங் என்றால் இரண்டு இணைப்பில் மட்டும் குண்டுகள், மற்ற இரண்டும் வெறும் இரும்பு. நாலு பேரிங் என்றால் நாலிலும் உண்டு. அப்போதும் பேரிங் கீழ் அழுத்தத்தைத்தான் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்க வேண்டியது தகட்டின் கனமும் ஸ்க்ரூவின் பிடியும். நீங்கள் பெட்டியோடு கொடுத்தது ஓர் அங்குல ஸ்க்ரூ! 96 கிலோ கதவுக்கு!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 3 அடிக்கு 120 கிலோ என்றால், அதே இழுப்புக் கணக்கில் மூன்றரை அடிக்கு ஏறத்தாழ 103 வரும். என் கதவு அதற்கும் உள்ளேதான். அப்படியானால் ஏன் வளைந்தது? இல்லை, அந்த எண் என் கதவுக்குப் பொருந்தாது என்றால், பெட்டியில் ஏன் அதைப் போடவில்லை? இரண்டில் எதைச் சொன்னாலும் தவறு உங்களுடையது.

தயவுசெய்து கோபப்படுவதாக நினைக்க வேண்டாம். நான் கேட்பது மூன்று கீலுக்கான பணமும், கிரானைட் கல் மாற்றும் செலவும்தான். பெட்டியில் 'எத்தனை கீலுக்கு, எத்தனை அடி அகலத்துக்கு' என்று அச்சடிப்பதையும் செய்தால் அடுத்தவராவது தப்பிப்பார். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் பதிவு செய்வேன். அதற்கும் நகரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பில் இருக்கிறது, அரிசி ஆலை எடைச் சீட்டு இருக்கிறது.

கதவை இப்போது நாலு கீலில் தொங்கவிட்டிருக்கிறோம். 5 அங்குலம், 3 மில்லி மீட்டர் தகடு, நாலு பேரிங், முன்துளை போட்டு ஏற்றிய 2 அங்குல ஸ்க்ரூ. வேறு கம்பெனி, சொல்வதற்கு மன்னிக்கவும். உங்கள் கீல் மூன்றும் துணிப்பையில் பத்திரமாக இருக்கின்றன. கூரியரில் அனுப்பமாட்டேன். யாரையாவது இங்கே அனுப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அந்தக் கவுண்டர் தம்பியை அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், குடியாத்தம்