பொதுத் தையலறைக்கு ஊசியும் நூலும் தாருங்கள்

அன்புடையீர்,

நம் பொதுத் தையலறையில் மெஷின்கள் நன்றாகவே ஓடுகின்றன. குறைவாக இருப்பது ஊசியும் நூலும்தான். கையிருப்பில் பெரும்பாலும் 90/14 சாதா ஊசிகளே உள்ளன. பருத்திச் சட்டைக்கும் தலையணை உறைக்கும் அவை போதும். ஜீன்ஸ், பட்டு, பனியன் துணி என்று யாராவது கொண்டுவந்தால்தான் திண்டாட்டம். இந்த மூன்று துணிக்கும் தனித்தனி டப்பாவில் ஊசியும் நூலும் நிரப்பி வைக்க நினைக்கிறோம். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

அதிகப் புகார் வருவது பனியன் துணியில். ஒரு டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பை 90/14 சாதா ஊசியில், பருத்தி நூலில், நேர்த்தையலாகத் தைக்கிறோம் என்று வையுங்கள். நாலு தையல் விழும், இரண்டு விழாது. மெஷின் கெட்டுவிட்டது என்று தோன்றும். நூல் டென்ஷனைத் திருகத் தொடங்குவோம். ஆனால் கோளாறு அங்கே இல்லை. ஊசி கீழே போய் லேசாக மேலெழும்போது அதன் பின்பக்கம் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். அடியில் சுற்றும் கொக்கி அதைப் பிடித்தால்தான் தையல் விழும். இழுபடும் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டால் வளையம் புடைக்காது, கொக்கி வெறுமனே சுற்றிப் போய்விடும். போதாததற்கு, கூரான முனை பின்னலின் இழையை அறுத்துவிடவும் கூடும். இரண்டு முறை துவைத்த பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் காரணம் அதுதான்.

அதே மடிப்பை உருண்டை முனை கொண்ட 75/11 ஜெர்சி ஊசியில் தைத்தால் முனை இழையை ஒதுக்கிவிட்டு நுழையும். லைக்ரா அதிகமுள்ள துணிக்கு அதுவும் போதாது. ஸ்ட்ரெச் ஊசி வேண்டும். கொக்கி இன்னும் நெருங்கி வரும்படி அதன் காதுக்குப் பின்னால் ஆழமான குழிவு அமைந்திருக்கும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், அதற்குக் கொஞ்சம் இழுவை உண்டு. அப்புறம், நேர்த்தையலை விட்டுவிட்டு 0.5 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. நீளத்தில் குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள். தைத்த மடிப்பை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். 'பட்' என்று நூல் அறுந்தால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

ஜீன்ஸில் தொல்லை வேறு மாதிரி. பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் மடிப்பு மேல் மடிப்பாகத் துணி தடித்திருக்கும். மெல்லிய ஊசி அங்கே வளைந்து, தகட்டில் இடித்து முறியும். தண்டு உறுதியான ஜீன்ஸ் ஊசி 100/16 வேண்டும். (அந்த 100 என்பது தண்டின் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டர், 90 என்றால் 0.9.) அந்த மேட்டில் மோட்டாரை ஓட்டாமல் கைச்சக்கரத்தைச் சுற்றித் தாண்டுவது நல்லது. வெளியே தெரியும் தையலுக்குத் தடித்த டாப்ஸ்டிச் நூல் மேலே மட்டும் போதும். பாபினில் சாதா பாலியெஸ்டர் நூலே இருக்கட்டும். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. வரை வைக்கலாம்.

பட்டில் தவறினால் திருத்த முடியாது: விழுந்த ஓட்டை விழுந்ததுதான். மைக்ரோடெக்ஸ் என்னும் கூர்முனை ஊசியில் 60/8 அல்லது 70/10, அதுவும் புதிதாக வேண்டும். முனை மழுங்கியிருந்தால் துணியின் குறுக்கே இழை இழுபட்டுக் கோடு தெரியும். நூல் மெல்லிய பட்டு நூலாகவோ மெல்லிய பாலியெஸ்டராகவோ இருக்கலாம்.

தரக்கூடியவை இவைதான்: மேலே சொன்ன எண்களில் ஊசிகள், நல்ல நிலையில் உள்ள நூல்கண்டுகள். மிக அவசரமாகத் தேவைப்படுவது ஜெர்சி, ஸ்ட்ரெச் ஊசிகள். வீட்டு மெஷின் ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். முழுக்க உருண்டையான தண்டுள்ள தொழிற்சாலை மெஷின் ஊசிகள் நமக்குப் பொருந்தாது, தயவுசெய்து வேண்டாம். உறை இல்லாமல் உதிரியாகக் கிடக்கும் ஊசிகளும் வேண்டாம். அவை எத்தனை நேரம் ஓடியவை என்று யாருக்குத் தெரியும்? பாட்டி காலத்து நூல்கண்டு என்றால் ஒரு முழம் பிரித்துச் சுண்டிப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் அதை மெஷினில் போட முடியாது, கையால் தற்காலிகத் தையல் போட வைத்துக்கொள்ளுங்கள்.

பணமாகத் தர விரும்புவோர் எந்த டப்பாவுக்கு என்று குறிப்பிட்டுத் தரலாம். அதற்கே செலவிட்டு, வாங்கியதன் ரசீதைத் தையலறைப் பலகையில் ஒட்டுவோம். பொருளாகத் தருவோர் ஊசியை அதன் உறையோடே கொடுங்கள், எண்ணைப் படித்துச் சரியான டப்பாவில் போட அது வேண்டும்.

இப்படிக்கு,
பொதுத் தையலறைக் குழு