லெவன்ல இல்லாதவர் டாப் ஸ்கோர் அடிச்சா காசு யாருக்கு? ரூல்ஸ் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டப்படி லைசென்ஸ் வாங்கி கிரிக்கெட் பெட் நடத்துற கம்பெனிகள்ல உக்காந்து ரூல்ஸ் எழுதுற, பெட் செட்டில் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

டீம்ல அதிக ரன் யார் அடிப்பாங்கற டாப் பேட்டர், ஒரு பிளேயர் குறிப்பிட்ட ரன்ன தாண்டுவாரா மாட்டாராங்கற ரன் லைன், இந்த ரெண்டு மார்க்கெட்டையும் ரொம்ப நாளா கவனிச்சுட்டு வர்றேன். ஆட்ஸ் பத்தி எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல, அது உங்க தொழில். பிரச்சனை என்னன்னா, ஒரு பிளேயர் ஆடலன்னா பெட் வாய்டா, அதாவது ரத்தாகி போட்ட காசு திரும்பி வருமா இல்லையாங்கற அந்த ஒரு வரி தான். அந்த வரிய நீங்க எழுதின காலத்துல கிரிக்கெட்ல 11 பேர் ஆடுவாங்க, ஆடாதவங்க ஆடமாட்டாங்க, அவ்ளோ தான் கதை. இப்ப அப்படி இல்லங்க.

"ஸ்டார்டிங் லெவன்ல இல்லாத பிளேயர் மேல போட்ட பெட் வாய்ட்"னு பல இடத்துல போட்டிருக்கு. படிக்கும்போது நியாயமா தான் தெரியும். ஆனா 2023ல இருந்து ஐபிஎல்ல இம்பாக்ட் பிளேயர் ரூல் இருக்கு, டாஸ் முடிஞ்சதும் லெவனோட சேத்து 5 சப்ஸ்டிட்யூட் பேரும் குடுப்பாங்க, அதுல ஒருத்தர் உள்ள வந்து முழு பேட்ஸ்மேனாவே ஆடலாம். முதல்ல பவுலிங் போடுற டீம் என்ன பண்ணும், ஒரு எக்ஸ்ட்ரா பவுலர லெவன்ல வச்சுட்டு மெயின் பேட்ஸ்மேன சப் லிஸ்ட்ல போட்டுடும், சேசிங் ஆரம்பிக்கறப்போ அவர் பேடு கட்டிட்டு ஓப்பனிங்கே வந்துடுவார்.

நிஜமா நடந்த மேட்ச் ஒண்ணையே எடுத்துக்குவோம். 2025 ஏப்ரல் 20, வான்கடே, மும்பைக்கும் சென்னைக்கும் மேட்ச். சென்னை 176, மும்பை ஒரே விக்கெட்ட விட்டு சேஸ் பண்ணிடுச்சு. ரோஹித் 76 நாட் அவுட், சூர்யகுமார் 68 நாட் அவுட். ரோஹித் அன்னைக்கு இம்பாக்ட் பிளேயரா வந்தவர், ஸ்டார்டிங் லெவன்ல இல்ல. இப்ப ஒரு கணக்குக்கு, ஒருத்தர் ரோஹித் மேல 4.00 ஆட்ஸ்ல 100 போட்டிருக்கார், இன்னொருத்தர் சூர்யகுமார் மேல 5.00ல 100 போட்டிருக்கார்னு வச்சுக்குவோம், ரெண்டுமே மும்பை டாப் பேட்டர் மார்க்கெட்.

"பெட்டும் வாய்ட், அவர் அடிச்ச ரன்னும் இந்த மார்க்கெட்ல சேராது"னு ஒரு கம்பெனி முடிவு பண்ணா ரோஹித் ஆளுக்கு 100 திரும்பி வரும், சூர்யகுமார் ஆளுக்கு 500 கிடைக்கும். "மைதானத்துல இறங்கினா பெட் நிக்கும்"னு இன்னொரு கம்பெனி சொன்னா ரோஹித் ஆளுக்கு 400, சூர்யகுமார் ஆள் தோத்தார். இந்த ரெண்டையும் நான் ஏத்துக்குவேன், ஏன்னா யாரோ ஒருத்தர் ஜெயிக்கறாங்க. மூணாவது ஒண்ணு இருக்கு பாருங்க, வாய்டுக்கு லெவன் ஷீட்ட பாக்கறது, ரிசல்ட்டுக்கு ஸ்கோர்கார்ட பாக்கறது. லெவன்ல இல்லன்னு ரோஹித் பெட்ட ரீஃபண்ட் பண்ணிடுவாங்க, ஸ்கோர்கார்ட்ல டாப் ரோஹித் தான்னு சூர்யகுமார் பெட்டையும் தோல்வின்னு போட்டுடுவாங்க. ஒரு மார்க்கெட்ல ஜெயிச்சவனே இல்ல! யாரும் வேணும்னு இப்படி எழுதியிருக்க மாட்டாங்கன்னு நம்பறேன், பழைய வாய்ட் வரி ஒரு பக்கம், ரிசல்ட் வரி ஒரு பக்கம், ரெண்டையும் சேத்து யாரும் படிச்சு பாக்கல, அதோட விளைவு தான் இது.

இது ஐபிஎல் விவகாரம் மட்டும்னு தள்ளிடாதீங்க. 2019 ஆகஸ்ட்ல லார்ட்ஸ் ஆஷஸ் டெஸ்ட், ஆர்ச்சர் பந்து பட்டு ஸ்மித் வெளிய போனதும் கன்கஷன் சப்ஸ்டிட்யூட்டா லபுஷேன் வந்தார், டெஸ்ட்ல அதுதான் முதல் தடவை. ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஆஸ்திரேலியாவுக்கு டாப் ஸ்கோர் யாரு தெரியுமா, அதே லபுஷேன், 59. டாஸ் போட்டப்போ அவர் பேர் லெவன்லயே கிடையாது. அப்பவே இந்த வரிய தூக்கி எறிஞ்சிருக்கணும்.

அடுத்தது ரன் லைன். ஒண்ணு நானே ஒத்துக்கறேன், ஒரே பிளேயர், ஒரே மேட்ச், பேட்டிங் வரவே இல்ல, டாப் பேட்டர் பெட் தோல்வி, ரன் லைன் பெட் வாய்ட், இது சரி தான். நிறைய பேர் இத ஏமாத்து வேலைங்கறாங்க, இல்லங்க. டாப் பேட்டர்ங்கறது டீமுக்குள்ள ஒரு போட்டி, ஆறாவது இறங்கறவருக்கு பேட்டிங்கே கிடைக்காம போகலாம்ங்கறதுக்கும் சேத்து தான் ஆட்ஸ் பெருசா குடுக்கறீங்க. ரன் லைன்ல 14.5னு போட்டா, அவர் பேட் பண்ணா எவ்ளோ அடிப்பார்ங்கற கேள்வி அது. வாய்ட் இல்லன்னா பின்னாடி இறங்கறவங்க எல்லாருக்கும் கண்ண மூடிட்டு அண்டர், அதாவது அந்த ரன்ன தாண்ட மாட்டார்னு போடலாம்.

ஆனா "பேட் பண்ணார்"னா என்னங்க அர்த்தம்? எனக்கு நடந்தத சொல்றேன், கம்பெனி பேர் வேண்டாம். நாலாவது விக்கெட் விழுந்து நான் அண்டர் போட்டிருந்த ஆள் உள்ள வந்தார், நின்னது நான் ஸ்ட்ரைக்கர் பக்கம், அடுத்த பந்தே எதிர்ல இருந்தவர் ஃபோர் அடிச்சு மேட்ச முடிச்சுட்டார். ஸ்கோர்கார்ட்ல 0 நாட் அவுட், 0 பந்து. பெட் வாய்ட்னு வந்துச்சு. பொது ரூல்ஸ்ல "கிரீசுக்கு வந்தா பெட் நிக்கும்"னு இருக்கேன்னு கேட்டேன், பிளேயர் மார்க்கெட் பகுதியில "ஒரு பந்தாவது சந்திக்கணும்"னு இருக்கற வரிய காப்பி பண்ணி அனுப்பிட்டாங்க. ரெண்டு வரியும் அவங்க எழுதினது தான்!

பந்து கணக்க அளவுகோலா வைக்கறதே தப்புன்னு சொல்லுவேன். வைடு பந்து சந்திச்ச கணக்குல வராது. முதல் பந்தே வைடு, இறங்கி ஆட போய் ஸ்டம்பிங் ஆனா ஸ்கோர்கார்ட்ல 0 ரன், 0 பந்து, அவுட். இது வாய்டா, அண்டர் ஜெயிச்சதா? ஒரு பந்தும் ஆடாம நான் ஸ்ட்ரைக்கர் பக்கம் ரன் அவுட் ஆனா? 2023 உலகக்கோப்பையில பங்களாதேஷுக்கு எதிரா மேத்யூஸ் ஹெல்மெட் வார் பிஞ்சு டைம்டு அவுட் ஆனாரே, அவருக்கும் 0 பந்து தான், ஆனா அவுட் அவுட் தான்.

அதனால நான் கேக்கறது ரெண்டே மாத்தம். டாப் பேட்டருக்கு லெவன்ல இருந்தாலோ, சப்பா உள்ள வந்தாலோ பெட் நிக்கட்டும், லெவன்லயும் இல்லாம சப்பாவும் உள்ள வரலன்னா மட்டும் வாய்ட். ரன் லைனுக்கு அதிகாரப்பூர்வ ஸ்கோர்கார்ட்ல "பேட் பண்ணல"னு இருந்தா வாய்ட், வேற எது இருந்தாலும் ரன்ன பாத்து செட்டில் பண்ணுங்க, பந்து எண்ண வேண்டாம். ரெண்டுக்கும் ரிசல்ட் என்னங்கறதையும் வாய்ட் யாருக்குங்கறதையும் அதே ஒரு ஸ்கோர்கார்ட வச்சு முடிவு பண்ணுங்க.

இந்த வரி ரூல்ஸ் பக்கத்துல எங்கயோ அடியில கிடக்காம பெட் ஸ்லிப்லயே பிளேயர் பேருக்கு கீழ வரட்டும். டாஸ் முடிஞ்சு ஒருத்தர் சப் லிஸ்ட்ல இருக்கார்னு தெரிஞ்ச உடனே மார்க்கெட்ல அவர் பேர் பக்கத்துல "சப்"னு போடுங்க, அப்ப தான் சூர்யகுமார் மேல காசு போடுறவனுக்கும் ரோஹித் வர வாய்ப்பு இருக்குன்னு தெரியும். லிஸ்ட் உங்க கையில டாஸ் அன்னைக்கே, அந்த நிமிஷமே இருக்கு. அடுத்த சீசன் முதல் டாஸுக்கு முன்னாடி இத மாத்திடுங்க, மாத்தினதும் எந்த தேதியில இருந்து அமலுக்கு வருதுன்னு மேலயே போடுங்க, பழைய பெட்டுக்கு புது வரிய காட்டாதீங்க.