பேருந்துப் பயணிகள் நலச் சங்கம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மழைக்காலத்தில் நிழற்குடை ஒழுகியது பற்றி மாநகராட்சிக்கு எழுதினோம், கூரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இந்த அறிக்கையின் மீதிப் பகுதி முழுவதும், ஆண்டு முழுக்க நம்மை வேலை வாங்கிய காலை நேர வெள்ளை போர்டு பேருந்துகளை, அதாவது சாதாரணக் கட்டணப் பேருந்துகளைப் பற்றியது.

அதற்கு முன்னால் ஒரு விளக்கம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் போகலாமே என்று பலர் கேட்டீர்கள். நிழற்குடை மாநகராட்சியின் கையில் இருக்கிறது, பேருந்துக் கட்டணம் அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67 ஆவது பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. பேருந்தை ஓட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகமும் மாநில அரசின் நிறுவனம்தான். அந்தக் கழகமே நினைத்தாலும் ஒரு ரூபாய் ஏற்றவோ இறக்கவோ முடியாது. 2018 ஜனவரியில் ஏற்றிய கட்டணம், சில நாட்களிலேயே சிறிது குறைக்கப்பட்டு, அதே அடிப்படையில்தான் இன்னும் இருக்கிறது. டீசல் விலையும் சம்பளமும் அப்படியே நிற்கவில்லை என்பதால் இடைவெளியில் ஒரு பகுதி அரசு மானியத்தில் அடைபடுகிறது. ஆக, கட்டணம் எவ்வளவு என்பதைவிட, குறைந்த கட்டணப் பேருந்து எந்த நேரத்தில் எத்தனை வருகிறது என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் கேட்டுப் பெறக்கூடிய விஷயம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். இதற்காக முதல் ஆண்டில் 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்த அரசு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ஒதுக்கியிருக்கிறது. பயன்பெறும் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொல்கிறது. ஆனால் இந்தச் சலுகை பயணிக்கு நேராகக் கிடைப்பதில்லை, பேருந்தின் வகையோடு கட்டுப்பட்டிருக்கிறது. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண வண்டி வந்தால் இலவசம், டீலக்ஸ் வந்தால் முழுக் கட்டணம். சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், டீலக்ஸில் 11 ரூபாய் என்பதால் ஆண்களுக்கும் இது பெரிய வித்தியாசம்தான்.

நம் நிறுத்தத்தில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் கிண்டிக்கும் தி.நகருக்கும் போகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தில் டீலக்ஸ் அடுத்தடுத்து வருவதும், வெள்ளை போர்டு வராமல் போவதும் நீங்கள் அறிந்ததே. தி.நகர் துணிக்கடைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒன்பதரை மணிக்குக் கடையில் நிற்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். காத்திருக்க முடியாமல் டீலக்ஸில் ஏறி 17 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 25 வேலை நாளில் காலைப் பயணத்துக்கு மட்டும் 425 ரூபாய். அந்த 888 ரூபாயில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. மாலையில் அவர் இலவசமாகத் திரும்புவதால், திட்டத்தின் கணக்கில் பயனடைந்தவராகவே பதிவாகிறார். நெரிசல் நேரத்தில் யார் திட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார் என்பது அந்தக் கணக்கில் தெரியாது. இதை நான் பெரிய அநியாயமாகக் கருதுகிறேன்.

இளைஞர் அணியினர் நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு வண்டியின் தடம் எண், வகை, வந்த நேரம் மூன்றையும் எழுதினார்கள். வண்டி வகையைக் குறித்ததுதான் நமக்குக் கைகொடுத்தது. பணிமனையில் முதலில், பேருந்துகள் போய் வரும் மொத்த நடைகள் குறையவில்லை என்று பதில் சொன்னார்கள். அது உண்மைதான். நம் தாளைக் காட்டிய பிறகுதான், மொத்தம் குறையாமலே வெள்ளை போர்டு நெரிசல் நேரத்திலிருந்து பதினோரு மணி பக்கமாக நகர்ந்திருப்பதை ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் காலை எட்டு மணியை ஒட்டி இரண்டு டீலக்ஸ் நடைகளைச் சாதாரண நடைகளாக மாற்றினார்கள். ஒன்று ஒழுங்காக வருகிறது. இன்னொன்று வாரத்தில் சில நாள் வருவதில்லை, அதைத் தொடர்ந்து குறித்து வருகிறோம்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இலவசம்தானே, எதற்குச் சீட்டு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தில் நடத்துநரும் விட்டுவிடுகிறார். இந்த வண்டியில் இத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் பதிவு. நிரம்பி வழியும் வண்டி சீட்டுக் கணக்கில் பாதி காலியாகத் தெரிந்தால், அடுத்த அட்டவணையில் முதலில் வெட்டுவது அந்த நடையைத்தான்.

ஸ்டேஜ் பிரச்சினையும் முடியவில்லை. கட்டணம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூடுவதில்லை, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ்தான் கூடுகிறது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் ஏறினால் முந்தைய ஸ்டேஜிலிருந்து கணக்கு, நடுவில் இறங்கினால் அடுத்த ஸ்டேஜ் வரை கணக்கு. நம் புது நிறுத்தம் ஸ்டேஜைத் தாண்டி நடுவில் அமைந்துவிட்டது. அதனால் சந்தைக்குப் போகிறவர்கள் பயணிக்காத தூரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஸ்டேஜை நம் நிறுத்தத்துக்கு நகர்த்தக் கேட்டிருக்கிறோம். பணிமனை அளவில் முடியாது, மேலே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

மின்சாரப் பேருந்துகள் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முதற்கட்டத் திட்டம் மொத்தம் 625 பேருந்துகளுக்கானது. இவை தனியார் நிறுவனத்தின் வண்டிகள், ஓட்டுநரும் அவர்களுடையவர், நடத்துநர் மட்டும் கழகத்தைச் சேர்ந்தவர். டிக்கெட் வருமானம் கழகத்துக்கு, நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். ஏ.சி. இல்லாத வண்டிக்கு அது கிலோமீட்டருக்கு 77 ரூபாய்ச் சொச்சம். ஒரு வண்டி நாளுக்கு 200 கி.மீ. ஓடினால் 15,400 ரூபாய். சராசரி டிக்கெட் 10 ரூபாய் என்றால், இதைக் கட்டணத்திலேயே எடுக்க ஒரே வண்டியில் தினம் 1,540 பேர் காசு கொடுத்து ஏற வேண்டும். நடக்கிற காரியமில்லை. பெண்களுக்கு இலவசம் கொடுத்ததால்தான் நஷ்டம் என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எல்லோரும் காசு கொடுத்தாலும் நகரப் பேருந்துக்கு அரசுப் பணம் தேவைப்படும்.

இந்த ஒப்பந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. கிலோமீட்டருக்குப் பணம் என்பதால் நடைகளை ஓட்டி முடிப்பதில் நிறுவனத்துக்கு அக்கறை இருக்கும், ஆள் ஏற்றுவதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினாலும், நிறுத்தாமலே போனாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். தவறினால் பிடித்தம் செய்ய ஒப்பந்தத்தில் வழி வைப்பார்கள், ஆனால் அதற்குப் புகார் பதிவாக வேண்டும். நம் தடத்துக்கு இந்த வண்டிகள் வந்தால் வண்டி எண், நிறுத்தம், நேரம் மூன்றையும் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள்.

பேரவையின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். ஒவ்வொரு தடத்திலும் காலை, மாலை நெரிசல் நேரத்தில் சாதாரணக் கட்டண நடைகள் எத்தனை என்பதை நிறுத்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும், அந்த எண்ணிக்கையைக் குறைப்பதானால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையையும், சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தையும் கேட்டுக்கொள்வது. முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் எழுந்தால் நிறைவேற்றிவிடலாம்.

செயலாளர்