டிஸ்கவருக்கு தலைப்பு போடுற தமிழ் நியூஸ் டெஸ்க் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்த சைட்டுன்னு பேர் சொல்லப்போறதில்ல, ஏன்னா கிட்டத்தட்ட எல்லா டெஸ்க்குலயும் இதே கதைதான், நானும் இந்த ஷிஃப்ட் எல்லாம் பார்த்தவன்தான், இப்போ வெளில இருந்து சைட்டுகளுக்கு டிராஃபிக் பக்கம் வேலை பார்க்குறேன். கூகுள் டிஸ்கவர்ல இருந்து, அதாவது ஆண்ட்ராய்டு போன்ல ஹோம் ஸ்க்ரீனை வலது பக்கமா தள்ளுனா வருமே அந்த ஃபீட், குரோம்ல புது டேப் திறந்தா கீழ வருமே அது, அங்க இருந்து வர்ற கூட்டத்துக்காக நீங்க போடுற தலைப்பையும் படத்தையும் பத்திதான் இந்த லெட்டர்.

சர்ச்சுக்கு தலைப்பு எழுதத் தெரிஞ்ச சப் எடிட்டரை அப்படியே ஃபீடுக்கும் எழுத விட்டதுல ஆரம்பிச்சது இது. சர்ச்சுல வர்றவர் கடைக்குள்ள வந்து சோடா இருக்கான்னு கேட்கிறவர், இருக்குன்னு சொன்னா போதும். ஃபீட்ல இருக்கிறவர் தெருவோட போயிட்டிருக்கிறவர், அவர் எதுவுமே கேட்கல. சரி, கேட்காதவரை எப்படி நிறுத்துறதுன்னு யோசிச்சப்ப நம்ம டெஸ்க்குகள் கண்டுபிடிச்ச ஒரே வழி விஷயத்தை ஒளிச்சு வைக்கிறது. "வெளியான முக்கிய அறிவிப்பு", "இதுதான் காரணமா?", "இல்லத்தரசிகளுக்கு குட் நியூஸ்". தலைப்புல யாரு, எங்க, என்னன்னு ஒண்ணுமே இருக்காது, ரெண்டு புள்ளி மட்டும் இருக்கும்.

ஒரு செய்தியை எடுத்து பார்ப்போம். 2024 ஜூலை கடைசில மேட்டூர் அணை 120 அடி நிரம்பி 16 கண் மதகு வழியா உபரிநீர் திறந்தாங்க ஞாபகம் இருக்கா. அந்த மாதிரி நாள்ல சர்ச்சுல ஜனங்க என்ன டைப் பண்ணுவாங்க, "மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று". அப்போ "மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று: 120 அடியை எட்டியது, நீர்வரத்து நிலவரம்"னு போட்டா சரியான சர்ச் தலைப்பு, கேட்டவருக்கு கேட்டது இருக்கு. இதே தலைப்பு ஃபீட்ல ஒரு கார்டா போனா அவ்வளவா நிக்காது, பவானிலயோ குமாரபாளையத்துலயோ இருக்கிற ஒருத்தர் நீர்மட்டம்ங்கிற சொல்லை பார்த்துட்டு தினமும் வர்ற நிலவரம்தானேன்னு மேல தள்ளிட்டு போயிடுவார். அதனால டெஸ்க் என்ன பண்ணும், "டெல்டா மக்களுக்கு செம குட் நியூஸ்.. மேட்டூரில் நடந்த அந்த சம்பவம்"னு மாத்தும்.

இதுல ரெண்டு கோளாறு. ஒண்ணு, தண்ணி ஏறுனா முதல்ல வீடு காலி பண்ண வேண்டியவங்க டெல்டாக்காரங்க இல்ல, அணைக்கு கீழ கரையோரத்துல இருக்கிறவங்க, அவங்களுக்கு இது குட் நியூஸும் இல்ல. ரெண்டாவது, டிஸ்கவர் ஒரு கட்டுரையை யாருக்கு காட்டணும்னு முடிவு பண்றது ஒருத்தர் எதுல ஆர்வம் காட்டியிருக்கார்ங்கிறதை வெச்சு, அங்க கீவேர்டு கிடையாது, ஆனா இது எதைப் பத்தின பக்கம்னு அதுக்கு தெளிவா தெரிஞ்சாகணும். "அந்த சம்பவம்"ங்கிறதுல மிஷினுக்கும் ஒண்ணும் இல்ல, மனுஷனுக்கும் ஒண்ணும் இல்ல.

நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: "மேட்டூர் நிரம்பியது, 16 கண் மதகு திறப்பு: பவானி, குமாரபாளையம் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை". ஒளிச்சு வைக்க எதுவும் இல்ல, ஆனாலும் அந்த ஊர்க்காரர் நிக்காம போகமாட்டார், ஏன்னா அது அவர் வீட்டு விஷயம். ஃபீட் தலைப்புக்கு நான் பார்க்கிற கணக்கு இதுதான், என்ன நடந்துச்சுன்னு முதல் பாதியில, அதனால யாருக்கு என்ன ஆகும்னு ரெண்டாவது பாதியில. சர்ச் தலைப்புல ரெண்டாவது பாதி இல்லைன்னாலும் ஓடும், அவர்தான் ஏற்கனவே தனக்கு வேணும்னு வந்துட்டாரே. முக்கியமானதை முன்னாடி வைங்க, தமிழ் வார்த்தைங்க நீளம், கார்டுல கொஞ்ச வரி போனதும் வெட்டிடும், "எச்சரிக்கை"ங்கிறது வெட்டுற இடத்துக்கு அப்புறம் போயிட்டா எழுதுனதே வேஸ்ட்.

ரெண்டு தலைப்பா எழுத நேரம் எங்கன்னு கேட்பீங்க. நேரம் ஆகாது, இடம் ஏற்கனவே இருக்கு.

```html
<title>மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று: 120 அடி</title>
<meta property="og:title" content="மேட்டூர் நிரம்பியது, 16 கண் மதகு திறப்பு: ...">
<meta name="robots" content="max-image-preview:large">
```

மேல இருக்கிறது சர்ச்சுக்கு, ரெண்டாவது ஃபீடுக்கும் ஷேருக்கும், பக்கத்துக்குள்ள தெரியுற பெரிய தலைப்பையும் அந்த ரெண்டாவதோட ஒத்துப்போற மாதிரி வைங்க. கடைசில எதை எடுக்கிறதுன்னு கூகுள்தான் முடிவு பண்ணும், நம்ம கையில இல்ல, அதனாலதான் ரெண்டுல எதை எடுத்தாலும் பொய்யில்லாத மாதிரி இருக்கணும்னு சொல்றேன்.

மூணாவது வரிதான் படத்தோட விஷயம். அது இல்லைன்னா கார்டுல உங்க படம் முழு அகலத்துக்கு வராம ஓரத்துல சின்ன சதுரமா போயிடலாம். வேர்ட்பிரஸ் 5.7ல இருந்து அது தானாவே வந்துடும், ஆனா நம்ம ஊர் டெஸ்க் நிறைய இடத்துல சொந்தமா எழுதுன சிஎம்எஸ், அதுல யாரும் அந்த வரியை போட்டிருக்கமாட்டாங்க, டெக் டீம்கிட்ட கேட்டா டிக்கெட் போடுங்கன்னு சொல்லுவாங்க. போடுங்க. ஒரே வரிதான்.

படத்தோட அகலம் குறைஞ்சது 1200 பிக்சல் வேணும்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு, வடிவம் 16:9. இப்போ உங்களுக்கு படம் எப்படி வருதுன்னு பாருங்க. ரிப்போர்ட்டர் போனை நேரா நிமித்தி பிடிச்சு மதகை எடுக்குறார், வாட்ஸப்ல அனுப்புறார், இல்ல யாரோ ஸ்டேட்டஸ்ல வெச்சதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறார், அது 1080க்கு 1920. அதை 16:9ஆ வெட்டுனா உங்களுக்கு மிஞ்சுறது 1080க்கு சுமார் 607. அகலம் பத்தல, மேலயும் கீழயும் போச்சு, மதகும் பாதி போச்சு. அப்புறம் அதை போட்டோஷாப்ல 1200க்கு இழுத்து விடுவாங்க, மங்கலாத்தான் இருக்கும். இதுக்கு மருந்து டெஸ்க்குல இல்ல, ரிப்போர்ட்டர்கிட்ட இருக்கு: போனை படுக்க வெச்சு எடுங்க, வாட்ஸப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. இதை மாவட்ட நிருபர் குரூப்ல ஒரு தடவை பின் பண்ணி வைக்க எத்தனை நிமிஷம் ஆகும்.

இன்னொண்ணு, ரிப்போர்ட்டர் நல்ல படமே அனுப்பியிருப்பார், சிஎம்எஸ் அதை 600க்கு சுருக்கி og:image-ல போட்டிருக்கும், இல்ல படம் வைக்க மறந்த பக்கத்துக்கு சைட் லோகோவை போட்டிருக்கும். கண்டுபிடிக்க சுலபம், பக்கத்தோட சோர்ஸை திறந்து og:image-ன்னு தேடி, அங்க இருக்கிற லிங்க்கை தனி டேப்ல திறங்க, அகலம் என்னன்னு அங்கேயே தெரிஞ்சுடும். இதை நான் சொல்லி திறந்து பார்த்த டெஸ்க் தலைமைகள் முகம் போன போக்கை பார்க்கணுமே.

அப்புறம் அந்த மஞ்சள் எழுத்து. படத்து மேலயே "அணை நிரம்பியது!!"ன்னு கொட்டை எழுத்துல போட்டு, மூலையில சேனல் லோகோ, சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. கார்டுல படத்துக்கு பக்கத்துலயே தலைப்பு இருக்கு சார், அதே வார்த்தையை ரெண்டு தடவை படிக்க யாருக்கும் நேரம் இல்ல. டிவி ஸ்க்ரீன்ல இருந்து வந்த பழக்கம் இது. ஃபீட்ல நிக்க வைக்கிறது இன்னைக்கு எடுத்த நிஜமான ஒரு போட்டோ, நுரை தள்ளிட்டு தண்ணி வர்ற மதகு. ஃபைல் படம் போட்டா போன வருஷம் அதே படத்தை பார்த்த ஊர்க்காரருக்கு உடனே தெரிஞ்சுடும், அணைப்பக்கம் இருக்கிறவங்க ரொம்ப விவரம்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம இந்த லெட்டரை முடிக்க முடியாது. "பிரபல நடிகர் காலமானார்.. சோகத்தில் திரையுலகம்"னு தலைப்பு, செய்தில இறந்தவர் வேற மொழி நடிகர், நமக்கு பேர்கூட தெரியாதவர், படத்துல மட்டும் ஒரு பக்கம் நிழலுருவம், இன்னொரு பக்கம் நம்ம ஊர்ல உயிரோட இருக்கிற ஒரு பெரிய நடிகர் கண்ணீரோட நிக்கிறார். தட்டுறாங்க, ஆமா, நிறைய பேர் பயந்து போய் தட்டத்தான் செய்வாங்க. கூகுளோட டிஸ்கவர் விதிகள்லயே இருக்கு, தலைப்புலயோ படத்துலயோ உள்ள இல்லாததை காட்டி இழுக்கக்கூடாது, புரிஞ்சுக்க தேவையான விஷயத்தை மறைக்கக்கூடாதுன்னு, மீறுனா மேனுவல் ஆக்‌ஷன் வரும், சர்ச் கன்சோல்ல நோட்டீஸ் வரும். யூடியூப்பும் 2024 டிசம்பர்ல இந்தியாவுக்குன்னே தனியா அறிவிச்சது, தலைப்பும் தம்ப்நெயிலும் சொல்றது வீடியோவுல இல்லைன்னா எடுத்துடுவோம், முக்கியமா செய்தி வீடியோக்கள்லன்னு.

ஆனா நோட்டீஸ் வர்றதை நினைச்சு நீங்க பயப்படவேண்டாம், அது எப்பவாவதுதான் வரும். நான் பயப்படுறது எந்த ரிப்போர்ட்லயும் வராத ஒண்ணுக்கு. டிஸ்கவர் கார்டுல மூணு புள்ளி இருக்கும், அதை தட்டுனா இந்த தளத்துல இருந்து இனிமே காட்டாதேன்னு ஒரு ஆப்ஷன். ஏமாந்துபோன அந்த ரசிகர் அதை தட்டுறார். சர்ச்சுல ஒரு பக்கம் சொதப்புனா அந்த ஒரு பக்கத்தோட போச்சு, அடுத்த தடவை வேற கேள்வியோட உங்ககிட்டயே வருவார். இங்க உங்க சைட்டே அவர் போன்ல இருந்து காலி, நாளைக்கு நீங்க மேட்டூர் எச்சரிக்கையை எவ்வளவு ஒழுங்கா எழுதுனாலும் அவருக்கு போகாது. சர்ச் கன்சோலோட டிஸ்கவர் ரிப்போர்ட்ல இம்ப்ரஷன் இருக்கு, கிளிக் இருக்கு, சிடிஆர் இருக்கு, எத்தனை பேர் உங்களை மூடி வெச்சாங்கன்னு ஒரு எண்ணிக்கை கிடையாது. சர்ச்சுல மாதிரி எந்த வார்த்தைக்கு வந்தாங்கன்னும் இருக்காது. அதனால மூணு மாசம் கழிச்சு டிஸ்கவர் படுத்துடுச்சுன்னு மீட்டிங் போட்டு, அல்காரிதம் மாறிடுச்சுன்னு முடிவு பண்ணி, இன்னும் கொஞ்சம் அதிரடியா தலைப்பு போடுங்கன்னு சொல்றீங்க. சில தடவை அல்காரிதம் நிஜமாவே மாறியிருக்கும், அதையும் ஒத்துக்கிறேன், டிஸ்கவர் டிராஃபிக்கை நம்பி இருக்காதீங்க, சர்ச் அளவுக்கு நிலையானது இல்லன்னு கூகுளே சொல்லுது.

அதனால கேட்கிறது ரெண்டே விஷயம். முதல்ல, சுவர்ல ஓடுற அந்த ரியல்டைம் ஸ்க்ரீனை வெச்சு சப் எடிட்டரை எடை போடுறதை நிறுத்துங்க. அதுல தெரியுறது எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு மட்டும்தான், மரண தலைப்பு எப்பவும் அங்க ஜெயிக்கும். அதுக்கு பதிலா வாரத்துக்கு ஒரு நாள் டிஸ்கவர் ரிப்போர்ட்ல சிடிஆர் ரொம்ப அதிகமா இருக்கிற பக்கங்களை எடுத்து, அனலிட்டிக்ஸ்ல அதே பக்கங்கள்ல ஆளுங்க எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு பக்கத்துல வெச்சு பாருங்க. கிளிக் மேல, நேரம் தரையிலன்னா அது ஏமாத்துன தலைப்பு. கிளிக்கும் நல்லா இருந்து நேரமும் இருந்தா அதை எழுதுன பையனுக்கோ பொண்ணுக்கோ நல்ல ஷிஃப்ட் குடுங்க.

ரெண்டாவது, ஸ்டைல் ஷீட்ல ஒரு வரி சேருங்க: படத்துல இருக்கிற ஆள் செய்தில இருக்கிற ஆளா இருக்கணும். இதை எழுதி வைக்க வேண்டியிருக்கேன்னுதான் கஷ்டமா இருக்கு, ஆனா எழுதி வெச்சாதான் நைட் ஷிஃப்ட்ல தனியா இருக்கிற இருபத்திரண்டு வயசு சப் எடிட்டர், மேல இருந்து பிரஷர் வர்றப்ப அதை காட்டி முடியாதுன்னு சொல்ல முடியும்.

இப்படிக்கு,
உங்க டெஸ்க்குல முன்னாடி உட்கார்ந்திருந்த ஒருத்தன்