பாபுவின் ரிப்போர்ட்

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

மச்சான் ரவி,

பதில் போடாததற்குத் திட்டுவதைப் போனில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மழை பெய்தால் லேன் இன்னும் குளம்தான், மொட்டைச் சேர் இன்னும் அதே குடையோடுதான். இப்போது எழுதுவது நம்ம பாபுவுக்காக.

மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ரெஸ்டைச் செய்திருக்கிறான். குடல் புற்றுநோயை வேளையோடு பிடிக்கச் செய்வது. ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் ரிப்போர்ட் பொசிட்டிவ். இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன். "நோயில்லாத ஆக்களில 94 வீதம் பேருக்கு நெகட்டிவ்தான் வருமாம் மச்சான். எனக்குப் பொசிட்டிவ். அப்ப 94 வீதம் கான்சர்தானே?" காணியை யார் பெயருக்கு எழுதுவது என்பது வரை போய்விட்டான்.

அடுத்த நாள் பெயரைச் சொல்லாமல் இதையே இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேட்டேன். நிபந்தனை நிகழ்தகவுச் சூத்திரத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள். பாதி வகுப்பு 94 என்றது. சிரிக்காதே. 1978இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் இதே மாதிரிக் கேள்வியை 60 பேரிடம் கேட்டார்கள், சரியாகச் சொன்னது 11 பேர். அவர்கள் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும்.

சூத்திரத்தை அழித்துவிட்டு ஆட்களை எண்ணச் சொன்னேன். பாபு மாதிரி வருத்தம் ஒன்றும் இல்லாத 10,000 பேர். அவர்களில் 50 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைப்போம் (வகுப்புக்காக நான் வைத்த எண்). ரெஸ்ட் நோயாளிகளில் 80 வீதத்தினரைப் பிடிக்கும், ஆகவே 40 பேர் பொசிட்டிவ், 10 பேர் தப்பிவிடுகிறார்கள். மிச்சம் 9,950 பேருக்கு நோயில்லை. அவர்களில் 94 வீதத்தினருக்கு நெகட்டிவ், ஆனால் 6 வீதத்தினருக்குச் சும்மா பொசிட்டிவ் வரும். அது 597 பேர்.

பொசிட்டிவ் ரிப்போர்ட்டோடு நிற்பவர்கள் மொத்தம் 637. உண்மையான நோயாளிகள் 40. நாற்பதை 637ஆல் பிரித்தால் 6.3 வீதம், அதாவது பதினாறு பேரில் ஒருவர். பின்வரிசைப் பெடியன் ஒருவன் கல்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான்.

பாபு செய்தது நிபந்தனையைத் திருப்பிப் போட்டது. நோயில்லாதவருக்கு நெகட்டிவ் வரும் வாய்ப்பு வேறு, பொசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு வேறு. வெள்ளவத்தையில் பார்ப்பவர்களில் தமிழர் நிறைய, அதற்காகப் பார்க்கிற தமிழரெல்லாம் வெள்ளவத்தைக்காரரா?

"அப்ப ரெஸ்ட் குப்பையா சேர்?" என்றாள் ஒரு பிள்ளை. நல்ல கேள்வி. ரெஸ்டுக்கு முன் 0.5 வீதமாக இருந்தது இப்போது 6.3. பன்னிரண்டு மடங்குக்கு மேல். நெகட்டிவ் வந்த 9,363 பேரில் 10 பேருக்குத்தான் நோய். இனி அதே ரெஸ்டை, எடை குறைந்து, இரத்தச்சோகையும் வந்து கிளினிக்கில் நிற்கும் 10,000 பேருக்குச் செய்து பார். அவர்களில் 1,000 பேருக்கு நோய் என்று வைத்தால் உண்மைப் பொசிட்டிவ் 800, பொய்ப் பொசிட்டிவ் 540. இப்போது விடை 60 வீதம்! ரெஸ்ட் மாறவில்லை, செய்துகொண்ட ஆட்கள்தான் மாறினார்கள். ரிப்போர்ட்டில் இதை யாரும் அடித்துத் தருவதில்லை, அதுதான் என் எரிச்சல்.

பாபுவின் அடுத்த யோசனை, அதே ரெஸ்டைத் திரும்பச் செய்வது. கணக்குப்படி அழகாகத்தான் இருக்கும்: 40 பேரில் 32, 597 பேரில் 36 பேருக்குத் திரும்பப் பொசிட்டிவ், வாய்ப்பு 47 வீதமாக ஏறும். ஆனால் அந்தப் பெருக்கல், இரண்டு ரெஸ்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிழைவிடும் என்று எடுத்துக்கொள்கிறது. மூலத்தில் இரத்தம் கசிகிறவனுக்கு இந்தக் கிழமையும் கசியும், அடுத்த கிழமையும் கசியும். இரண்டாவது பொசிட்டிவ் புதிதாக ஒன்றும் சொல்லாது. திரும்பச் செய்து நெகட்டிவ் வந்தாலும் நிம்மதி இல்லை, கட்டி எல்லா நாளும் கசிவதில்லை. அதனால்தான் டொக்டர்மார் வேறு வழியில் பார்க்கிறார்கள்: குழாய் விட்டு நேராகக் குடலையே பார்ப்பது. நோயில்லாத 597 பேரிலும் சிலருக்கு அங்கே பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய சிறு முளைகள் அகப்படும். ஆகவே "பொய்" என்று நாம் எண்ணியது எல்லாமே வீண் அலைச்சலும் இல்லை.

இதையெல்லாம் பாபுவுக்குச் சொன்னேன். "பதினாறில ஒண்டா? அப்ப போகத் தேவையில்லை" என்று மறுபக்கம் பாய்ந்துவிட்டான், நாசமாப் போவான்! பிடித்து இழுத்துத் திகதி எடுத்தாயிற்று, வருகிற வியாழன். புதன்கிழமை முழுக்க வயிற்றைக் கழுவ மருந்து குடிக்க வேண்டும், அதற்கே இப்போதே முனகுகிறான்.

புதன் இரவு அவனுக்குப் போன் எடு. நீ சொன்னால் கேட்பான். காணிக் கதை எடுத்தால் மட்டும் நிறுத்து. உன் மகளுக்கும் கம்பஸில் இந்தப் பாடம் இந்த செமஸ்டர்தானே, கிளினிக் கணக்கை அவளிடம் கொடுத்துப் பார், 1,000க்குப் பதில் 200 நோயாளிகள் என்று வைத்து.

உன்,
சிவா