வேறு வீடு சரிவந்துவிட்டால் எங்களுக்கும் ஒரு வார்த்தை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

போன சனிக்கிழமை நடந்த ஒரு விஷயத்தால்தான் இந்த மடல். கல்லடியில் இரண்டு அறையோடு ஒரு வாடகை வீடு. காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் பார்க்க வருவதாக எங்களிடம் சொல்லியிருந்தது. வீட்டுக்காரம்மா இருப்பது கல்முனையில். விடிய பஸ் ஏறி வந்து, வளவு கூட்டி, பூட்டிக் கிடந்த அறைகளின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கிணற்றுத் தண்ணியில் நிலத்தையும் துடைத்துவிட்டு, திறப்புக் கோர்வையைக் கையில் வைத்தபடி வாசல்படியில் இருந்தார். 11.30 ஆகியும் ஒருவரும் வரவில்லை. கோல் எடுத்தால் பதில் இல்லை. பின்னேரம்தான் தெரிந்தது, அவர்கள் வெள்ளி இரவே ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

வேறு வீடு எடுத்ததில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. வீடு தேடுகிறவர் நாலு இடம் பார்ப்பார், ஒன்றைத்தான் எடுப்பார். ஆனால் அதே 10 மணியைக் கேட்ட ஒரு ஆசிரியையிடம் “அந்த நேரம் இல்லை, ஞாயிறு வாங்க” என்று சொல்லியிருந்தோம். ஞாயிறு வருவதற்குள் அவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். வெள்ளி இரவு ஒரு வரி வந்திருந்தால் அந்த நேரத்தை அவருக்கே கொடுத்திருப்போம்.

சொல்லாமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சங்கோசம்தான். மூன்று தரம் கோல் எடுத்து, வாடகையைக் குறைக்கவும் கேட்டுவிட்டு, இப்போது எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று நினைக்கிறார்கள். அந்தச் சங்கோசத்தில் சிலர் “பிள்ளைக்குச் சுகமில்லை, பிறகு பார்ப்போம்” என்று அனுப்புகிறார்கள். சும்மா இருப்பதைவிட எங்களுக்கு இது கஷ்டம். பிறகு என்றால் வருவார்கள் என்றுதானே அர்த்தம்? வீட்டுக்காரருக்கும் அப்படியே சொல்லிவிடுவோம். அவரும் வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு கிழமை காத்திருப்பார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் போதும். யாரும் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டோம்.

எழுதுவது பெரிய வேலையும் இல்லை. இப்படி ஒரு வட்ஸ்அப் போதும்:

“வணக்கம். சனி காலை 10 மணிக்குக் கல்லடி வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தோம். எங்களுக்கு வேறு வீடு சரிவந்துவிட்டது, அதனால் வரவில்லை. இந்த வீட்டை மற்றவர்களுக்குக் காட்டுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். நன்றி.”

எந்த வீடு, எந்த நேரம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே நாளில் நாலைந்து வீடு காட்டும்போது “நாளைக்கு வரவில்லை” என்று மட்டும் வந்தால் எதை நிறுத்துவது என்று தெரியாது. “மற்றவர்களுக்குக் காட்டுங்கள்” என்ற வரியும் முக்கியம். அது இருந்தால்தான் வேறு நாள் கேட்கவில்லை, வீடே வேண்டாம் என்கிறீர்கள் என்று விளங்கும். எடுத்த வீட்டின் வாடகை எவ்வளவு, எங்கே என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். வீட்டுக்காரரின் நம்பர் உங்களிடம் இருந்து அவரிடம் நேரே சொல்லிவிட்டாலும், எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். இல்லாவிட்டால் நாங்கள் திறப்போடு அங்கே போய் நிற்போம்.

எப்போது சொல்வது என்பதில் ஒரு கவனம் வேண்டும். “வீடு உங்களுக்குத்தான்” என்று ஒருவர் வாயால் சொன்னதை நம்பி, இருந்த எல்லாவற்றையும் வேண்டாம் என்றவர்கள் உண்டு. அடுத்த நாள் அந்த வீடு வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒருவருக்குப் போய்விட்டது. அதனால் அட்வான்ஸ் கொடுத்துத் துண்டு கையில் வரும் வரைக்கும் முழுதாக விலக வேண்டாம். அதற்காகப் பேசாமலும் இருக்க வேண்டாம். “வேறு ஒன்று முடிகிற மாதிரி இருக்கிறது, நாளை பின்னேரம் உறுதியாகச் சொல்கிறோம்” என்று எழுதுங்கள். அதை வைத்து இன்னொருவருக்கும் நேரம் கொடுத்து வைப்போம். துண்டு கிடைத்த அன்றே மற்ற இடங்களுக்கும் சொல்லிவிடுங்கள். வேறு தரகர்களிடம் கேட்டிருந்தால் அவர்களுக்கும்தான்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. வீடு பார்க்க முதலே அடையாள அட்டையின் படத்தை எங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ அனுப்பியிருப்பீர்கள். விலகும்போது அதை அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை நடந்ததில் எங்கள் பிழையும் இருக்கிறது. முதல் நாளே ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இனி ஒவ்வொரு பார்வைக்கும் முதல் நாள் பின்னேரம் 5 மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவோம். “வாறோம்” அல்லது “வரவில்லை” என்று ஒரு சொல் போட்டால் போதும். இரவு 8 மணி வரை ஒன்றும் வராவிட்டால் ஒரு தரம் கோல் எடுப்போம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம், வீட்டுக்காரரையும் பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
கல்லடி வாடகை வீட்டுத் தரகு அலுவலகம்